எண்பத்தொன்பதும் ஒரு பல்பும்!

செமஸ்டர் லீவுல ஊருக்குப் போயிருக்கீங்க. அக்கா பொண்ணு ரெண்டாங்கிளாஸ். ஹோம்வொர்க் நோட்டோட வந்து, "மாமா, 1லேர்ந்து 100 வரைக்கும் தமிழ்ல எழுதணும், ஹெல்ப் பண்ணு"ங்குது. 'பூ, இவ்ளோதானா'னு ஆரம்பிச்சீங்கன்னா 89ல பேனா நிக்கும். எண்பத்தியொன்பதா, என்பத்தொம்பதா? எனக்கு நின்னுச்சு. மறுநாள் நோட்டுல ஏழு சிவப்புச் சுழி. ஏழும் என்னோட தப்பு. "இனிமே அம்மாகிட்டயே கேக்கறேன்"னு குழந்தை சொல்லிடுச்சு!

அன்னிக்குதான் அந்தப் பட்டியலை ஒழுங்கா உட்கார்ந்து பார்த்தேன். நூறு சொல்லையும் மனப்பாடம் பண்ணத் தேவையே இல்லை பாஸ். ஒன்று முதல் பத்து, அப்புறம் இருபது முதல் தொண்ணூறு வரை எட்டு சொல், கடைசியா நூறு. மொத்தம் பத்தொன்பதுதான். மீதியை நாமே ஒட்ட வைக்கலாம்.

முதல்ல பத்துகள். இதுல எண்கள் சுருங்கி நிக்கும். முக்கனியில வர்ற 'மு'தான் முப்பது. நாற்காலியில வர்ற 'நாற்'தான் நாற்பது. ஐம்பூதம் ஐம்பது, அறுகோணம் அறுபது. எண்கோணத்துல இருக்கிற 'எண்'தான் எண்பது. அதனால மூணு சுழி 'ண்'. ரெண்டு சுழி போட்டு 'என்பது'ன்னு எழுதினா அது வேற சொல், எண்ணே இல்லை. ஆனா ஒன்பதுக்கு ரெண்டு சுழிதான். என் சிவப்புச் சுழிகள்ல பாதி இந்த இடத்துலதான்.

அடுத்து ஒட்டு. இருபதுக்கு மேல போகும்போது அது 'இருபத்து' ஆகும். பின்னால வர்ற எண் உயிரெழுத்துல ஆரம்பிச்சா கடைசி உகரம் போயிடும்: இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்தைந்து. ஒன்று முதல் ஒன்பது வரை மெய்யோட ஆரம்பிக்கிறது மூன்றும் நான்கும் மட்டும்தான். அதனால அந்த ரெண்டுக்கு மட்டும் உகரம் அப்படியே நிக்கும்: இருபத்து மூன்று, இருபத்து நான்கு. இந்த ஒரு விதி 21ல இருந்து 89 வரை ஓடும். இப்ப 89ஐப் போடுங்க. எண்பது, எண்பத்து, கூட ஒன்பது. எண்பத்தொன்பது! நடுவுல 'தி'யும் இல்லை, 'யொ'வும் இல்லை.

பதினொன்று முதல் பதினெட்டு வரை கதை வேற. அங்கே பத்து 'பதின்' ஆகுது. பன்னிரண்டு மட்டும் தனி ரூட். 19ல 'பதினொன்பது'ன்னு எழுதினா தப்பு. அது பத்தொன்பது.

பெரிய வில்லன் தொண்ணூறு. ஒன்பதுங்கிற சொல்லுக்குள்ளேயே ஒரு 'பது' இருக்கு, கவனிச்சீங்களா? அதனால தொண்ணூறு அடுத்த வீட்டு 'நூறை' வாங்கிக்கிச்சு. அதுக்கப்புறம் தொள்ளாயிரம் 'ஆயிர'த்தையே வாங்கிக்கிச்சு! மலையாளத்துலயும் இதே கதைதான். கன்னடத்துல சமத்தா 'தொம்பத்து'. இதுல நமக்கு ஒரு லாபம் இருக்கு. 'நூறு' ஒட்டற மாதிரியே இதுவும் ஒட்டும். நூற்றொன்று மாதிரி தொண்ணூற்றொன்று, கடைசியில தொண்ணூற்றொன்பது. பேச்சுல 'தொண்ணூத்தொம்பது'ன்னு சொல்லலாம். நோட்டுல 'ற்றொ' போடுங்க.

இனி பக்கத்துல எழுதற தமிழ் எண்கள்:

௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯

பத்துக்கு ௰, நூறுக்கு ௱. பழைய முறையில பூஜ்யம் கிடையாது. வாயால சொல்ற மாதிரியே எழுதுவாங்க. இருபத்தைந்துன்னா ரெண்டு, பத்து, அஞ்சு: ௨௰௫. தொண்ணூற்றொன்பது ௯௰௯. இப்போ பூஜ்யம் வெச்சு, இடமதிப்புப்படி ௨௫, ௯௯ன்னும் எழுதறாங்க. கம்ப்யூட்டருக்கான யூனிகோடுல தமிழ் பூஜ்யம் ௦ சேர்ந்ததே 2005லதான்.

ரெண்டு முறையும் சரிதான். ஒரே பட்டியல்ல ரெண்டையும் கலக்கறதுதான் தப்பு. பத்துக்கு ௰ போட்டுட்டு இருபதுக்கு ௨௦ போட்டா, குழந்தை '௰ எங்கே போச்சு?'ன்னு கேக்கும். உங்ககிட்ட பதில் இருக்காது. அதனால யாராவது அனுப்பற பட்டியல்ல 10, 20, 100 மூணையும் மட்டும் பாருங்க. ௰, ௨௰, ௱ன்னு இருந்தா பழைய முறை. ௧௦, ௨௦, ௧௦௦ன்னு இருந்தா புதுசு. கலந்து இருந்தா காப்பி அடிக்காதீங்க!

என் மருமகள் இப்போ மறுபடி எங்கிட்ட வர்றா. ஆனா 89ஐ முதல்ல அவ எழுதிட்டு, "சரியா மாமா?"ன்னு என்னை டெஸ்ட் பண்றா.