புகை வேண்டாம், தேங்காய் நார் போதும்: டெங்கு பற்றி சிம்மக்கல்லிலிருந்து

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஐப்பசி மழை நெருங்குகிறது. எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வழக்கமான கோரிக்கை ஆரம்பித்துவிட்டது: "கவுன்சிலரிடம் சொல்லிப் புகை அடிக்கச் சொல்லுங்கள்." வைகையில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது, சாக்கடை நாறுகிறது, அதனால்தான் டெங்கு வருகிறது என்கிறார்கள். இந்த இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். சாக்கடையிலும் தேங்கிய கழிவுநீரிலும் வளர்வது கியூலெக்ஸ் கொசு. ராத்திரி காதோரம் ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் எஜிப்டி. கருப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையங்கள். பகலில் கடிக்கும், அதிலும் காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகம். அது தேடுவது நாம் வீட்டில் பிடித்து வைத்திருக்கும் தெளிந்த தண்ணீரை. பிறந்த இடத்திலிருந்து பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருக்கு டெங்கு என்றால், கடித்த கொசு வைகையிலிருந்து வந்திருக்காது. உங்கள் மாடியிலோ பக்கத்து வீட்டு மாடியிலோ பிறந்திருக்கும். சாக்கடையைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும், ஆனால் அதை டெங்கு கணக்கில் சேர்க்கக் கூடாது.

வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து பாகம் குறித்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொசுவுக்கும் அதே நான்கு நிலைகள்தான்: முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த கொசு. அன்று மதிப்பெண்ணுக்குப் படித்தோம். இன்று அதே படத்தை வீட்டுத் தண்ணீர் டிரம்மின் மேல் ஒட்டிப் பார்க்கலாம்.

மாடியில் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை குழாயில் தண்ணீர் வருகிறது, முக்கால் டிரம் பிடிக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை ஒரு பெண் ஏடிஸ் வருகிறது. அது முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டிவிடுகிறது. ஒரு முறைக்கு நூறு முட்டை வரை இடும். அதையும் ஒரே பாத்திரத்தில் இடாமல் நாலைந்து இடங்களில் பிரித்து இடும். பார்க்க அடுப்புக்கரித் தூள் ஒட்டியது போல இருக்கும்.

இரண்டு நாளில் முட்டைக்குள் கரு முழுமையாக வளர்ந்துவிடும். அதற்குள் நீங்கள் தண்ணீரை எடுத்துப் புழங்க, மட்டம் கீழே இறங்கிவிடுகிறது. முட்டைகள் சுவரில் காய்ந்து கிடக்கும், ஆனால் சாகாது. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கக் கூடியவை அவை. அடுத்த திங்கட்கிழமை மறுபடி குழாயில் தண்ணீர் வருகிறது. நீங்கள் பழைய தண்ணீரின் மேலேயே விளிம்பு வரை நிரப்புகிறீர்கள். முட்டை நனைகிறது, சில மணி நேரத்திலேயே பொரியத் தொடங்குகிறது. புழு நான்கு முறை வளர்ந்து தோலுரிக்க நம் வெயிலில் ஐந்து நாள் போல ஆகும். பிறகு கமா போல வளைந்த கூட்டுப்புழுவாக இரண்டு நாள். அதற்கடுத்த செவ்வாய் வாக்கில் உங்கள் மாடியில் புதுக் கொசுக்கள் சிறகு உலர்த்திக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. ஒன்று, வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது. முட்டை சுவரிலேயே இருக்கிறது, அடுத்த முறை நிரப்பும்போது பொரியும். கோடையில் காலியாகக் கிடந்த தொட்டியில் முதல் மழைக்குப் பிறகு திடீரென்று புழு நெளிவது இதனால்தான். இரண்டு, பொரிய வைக்கும் வேலையைச் செய்வது தண்ணீர் நிரப்பும் நாம்தான். அதனால் தேய்க்க வேண்டிய நேரம் நிரப்புவதற்குச் சற்று முன்பு.

"ஞாயிற்றுக்கிழமை உலர் நாள்" என்று பிரசாரம் செய்கிறார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் சனிக்கிழமை தண்ணீர் வந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை யார் தண்ணீரைக் கொட்டுவார்கள்? அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாதபோது ஒரு குடத்தைக்கூடக் கொட்ட மனம் வராது. என் யோசனை இதுதான்: உங்கள் தெருவில் தண்ணீர் வரும் நாளுக்கு முந்தின நாளே உங்கள் வீட்டின் உலர் நாள். மிச்சத் தண்ணீரைத் துணி துவைக்க, செடிக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள். பிறகு தேங்காய் நாரும் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும் போட்டு உட்சுவரை, முக்கியமாக மேல் பாதியையும் விளிம்பையும், அழுத்தித் தேயுங்கள். கழுவிய தண்ணீரைக் காய்ந்த தரையில் ஊற்றுங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் இரண்டு சிறிய டிரம்களாக வைத்துக்கொண்டால் ஒன்றைத் தீர்த்துத் தேய்த்துவிட்டு அடுத்ததைத் தொடலாம். ஏழு நாளுக்கு ஒரு முறை இது நடந்தால் அந்த டிரம்மிலிருந்து ஒரு கொசுகூடப் பறக்காது.

காலி செய்ய முடியாத தொட்டி, கிணறு என்றால் வேறு வழிகள் உண்டு. கிணற்றில் கம்பூசியா மீன் விடலாம். புழங்கும் தொட்டிக்கு மாநகராட்சிப் பணியாளர் ஊற்றும் டெமிபாஸ் மருந்து, நாம் 'அபேட்' என்று சொல்வது. அதன் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். 1 சதவீதக் குருணை என்றால் 100 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம். பலர் "தண்ணீரில் மருந்து வேண்டாம்" என்று பணியாளரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இந்த அளவு உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவு. அது பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை, தேய்த்துக் கழுவுங்கள், வாயை வேட்டித் துணியால் இறுகக் கட்டுங்கள். இரண்டும் செய்யாமல் மருந்தை மட்டும் மறுப்பது சரியில்லை.

பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தும் இருக்கிறது. புழு அதைத் தின்றால் குடல் சிதைந்து சாகும், நமக்குத் தீங்கில்லை. ஆனால் கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை. எனவே தொட்டியில் கமா வடிவ உருவங்கள் துள்ளுவதைப் பார்த்துவிட்டால் பி.டி.ஐ. போட்டுப் பயனில்லை. இன்னும் ஒன்றிரண்டு நாளில் அவை கொசுவாகிவிடும். அன்றே துணியில் வடிகட்டுங்கள் அல்லது தரையில் கொட்டுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் அதற்கேற்ற ஆயுதம் என்பதைத்தான் 'ஒருங்கிணைந்த கொசுக் கட்டுப்பாடு' என்று பெரிய பெயரில் சொல்கிறார்கள்.

இப்போது புகைக்கு வருவோம். புகை பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும், அதுவும் மருந்துத் துளி மேலே பட்டால். முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்றும் தப்பிவிடும். அடுத்த நாளே புதுக் கொசு வெளிவரும். மேலும் ஏடிஸ் வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது: கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்கும் சட்டைக்குப் பின்னால். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? கதவு ஜன்னலை எல்லாம் அடைக்கிறோம். மருந்து தெருவில், கொசு பத்திரமாக வீட்டுக்குள்.

புகைக்கு ஓர் இடம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஒரு வீட்டில் டெங்கு உறுதியானால், காய்ச்சலுக்கு முந்தின நாளிலிருந்து ஐந்தாறு நாள் வரை அவர் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அப்போது அவரைக் கடிக்கும் கொசு உடனே நோயைப் பரப்பாது. வைரஸ் அதன் உடலுக்குள் பெருகி உமிழ்நீருக்கு வந்து சேர 8 முதல் 12 நாள் ஆகும். அதன் பிறகு சாகும்வரை அது கடிக்கும் ஆளுக்கெல்லாம் நோயைக் கொடுக்கலாம். அந்த எட்டு நாளுக்குள் அந்த வீட்டிலும் சுற்றியுள்ள வீடுகளிலும், உள்ளறைக்குள், கதவைத் திறந்துவிட்டு மருந்து அடித்தால் பயன் உண்டு. முதலில் நோயாளிக்குக் கொடுத்த கொசு இன்னும் அங்கேயே இருக்கலாம் என்பதால், எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். காய்ச்சலே இல்லாத தெருவில் மாதம் ஒரு முறை புகை விடுவது நம் மனத்திருப்திக்கு மட்டும்தான்.

எல்லாப் பொறுப்பையும் குடும்பங்கள் தலையில், அதிலும் பெண்கள் தலையில், கட்டுவதும் நியாயமில்லை. புழு இருந்தால் அபராதம் போடுகிறார்கள். போடட்டும். ஆனால் டிரம் ஏன் மாடிக்கு வந்தது? குழாயில் தினமும் தண்ணீர் வந்தால் யார் சேமிக்கப் போகிறார்கள்? 2017-இல் அரசுக் கணக்குப்படியே தமிழ்நாட்டில் 23,294 பேருக்கு டெங்கு வந்தது, 65 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் நாம் கவுன்சிலரிடம் கேட்பது புகையைத்தான்.

நான் கேட்கச் சொல்வது மூன்று. முதலாவது, தண்ணீர் வரும் நாளை முன்கூட்டியே அறிவித்து, அந்த நாளில் தவறாமல் விட வேண்டும். இரண்டாவது, வாரம் ஒரு முறை வீடு வீடாக வரும் பணியாளர்கள் பூட்டிய வீடுகள், லாட்ஜ் மாடிகள், கடைகளின் பின்புறம் கிடக்கும் பழைய டயர்கள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். நூறு வீடு தேய்த்து ஒரு பூட்டிய வீடு விட்டுப்போனால் அந்த ஒன்றே தெருவுக்குப் போதும். மூன்றாவது, பார்த்த கணக்கைத் தெருவில் எழுதிப் போட வேண்டும். நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு இருக்கிறது என்பதற்கு பிரெட்டோ குறியீடு என்று பெயர். 40 வீடுகள் பார்த்து 6 பாத்திரங்களில் புழு இருந்தால் குறியீடு 15. பொதுவாக 5-க்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு என்பார்கள். சிரட்டையும் ஒன்று, தொட்டியும் ஒன்று என்றே எண்ணுவது இதன் குறை. ஆனாலும் இந்த வாரம் 15, அடுத்த வாரம் 8 என்று பலகையில் பார்த்தால் வேலை நடக்கிறதா என்று நமக்கே தெரிந்துவிடும். புகையில் அது தெரியாது.

சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே 24 மணி நேரமும் தண்ணீர், ஆனாலும் டெங்கு வருகிறது. பூந்தொட்டித் தட்டும் பூ ஜாடியும் போதும் அதற்கு. வாளியைக் கவிழ்த்து விளிம்பைத் துடையுங்கள் என்று அங்குள்ள அரசு சொல்வது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய கொசுக்களை அங்கே விடுகிறார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் வேறு முறையில் விட்டுப் பார்த்ததில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. நம் புதுச்சேரி ஆய்வு மையமும் அத்தகைய கொசுவை உருவாக்கியிருக்கிறது. அது சிம்மக்கல் வந்து சேரும்வரை நம்மிடம் இருப்பது தேங்காய் நார்தான்.

ஊரில் அப்பா அம்மா தனியாக இருக்கும் பிள்ளைகளே, வயதானவர்களால் மாடி ஏறி டிரம்மைக் கவிழ்க்க முடியாது. இந்த வாரம் போன் பேசும்போது "சாப்பிட்டீங்களா" என்பதோடு "தண்ணி என்னைக்கு வரும், அதுக்கு முந்தின நாள் டிரம்மைத் தேய்க்க ஆள் இருக்கா" என்றும் கேளுங்கள். இல்லையென்றால் ஓர் ஆளுக்கு ஏற்பாடு செய்யுங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.