விளையாட்டா, விலக்கலா?

நண்பர்களுக்குள் நடக்கும் கலாய்ப்பு இரு பக்கமும் ஓடும். தூத்துக்குடிக் கடலோரப் பள்ளி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். கபடியில் வழுக்கி விழுந்தவனை வகுப்பே ஓட்டுகிறது. அவனும் திருப்பி ஓட்டுகிறான், மதியம் அதே கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். இன்னொருவன் மீனவர் வீட்டுப் பிள்ளை. அவன் வந்து உட்கார்ந்ததும் மூக்கைப் பொத்துகிறார்கள். வேண்டாம் என்றால், ‘சும்மா விளையாட்டுக்குடா’ என்கிறார்கள். சிரிப்புச் சத்தம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் முதலாவது, ஒருவன் செய்த காரியத்தைப் பற்றியது. நாலு நாளில் மறந்துபோகும். இரண்டாவது அவன் பிறந்த வீட்டைப் பற்றியது. திருப்பிச் சொல்ல அவனிடம் எதுவும் இல்லை.

ஆகவே பதின்வயதினருக்குக் கற்றுத்தர வேண்டியது, சிரிப்பு முடிந்தபின் நடப்பதைக் கவனிப்பது. நிறுத்தச் சொன்னதும் நின்றதா? மறுநாள் அணி பிரிக்கும்போது அவனைச் சேர்த்தார்களா? ‘உனக்கு வலித்ததா?’ என்று வகுப்பின் நடுவே கேட்பதில் பயனில்லை. அவனும் சிரித்துக்கொண்டே இல்லை என்பான். கூட்டத்தில் ஒட்டியிருக்க அவன் தரும் விலை அந்தச் சிரிப்பு. தனியே கேட்க வேண்டும்.

இத்தகைய விலக்கலை விதிகளால் தடுக்கும் முயற்சியும் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டபின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதி காட்டும் வண்ணக் கைக்கயிறுகளைத் தடுக்கவும், மாணவர்களைப் பெயரின் அகரவரிசையில் உட்காரவைக்கவும் 2024 ஜூனில் பரிந்துரைத்தது. பெஞ்சில் விலக்குவதை அகரவரிசை தடுக்கும். விளையாட்டு மைதானத்துக்கும் பேருந்துக்கும் அது வராது.