கிழிந்த தலைப்பும் ஒரு ‘னா’வும்

போன மாதம் வானகரத்தில் எங்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு சுவரொட்டி கிடைத்தது. 1971-ல் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போட்ட நாடகம். கொட்டை எழுத்தில் ‘அல்லி அர்ஜுனா’ என்று தலைப்பு. அதன் குறுக்கே வெள்ளையாய்த் தேய்ந்த ஒரு மடிப்பு. வலது ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் காகிதமே இல்லை; ‘னா’வின் கீழ்ப்பாதி அதோடு போய்விட்டது.

நான் செய்த முதல் வேலை, ஸ்கேன் எடுத்து, கிழிந்த எழுத்தை அழித்து, கம்ப்யூட்டரில் இருந்த தடித்த எழுத்துருவில் ‘னா’ அடித்து ஒட்டியதுதான். பளிச்சென்று இருந்தது. பெருமையாய்த் தாத்தாவிடம் காட்டினேன்.

“என்னடா கண்ணு, எழுத்தையே மாத்திட்டியே? அப்போ னா இப்படியா இருந்துச்சு?” என்றார்.

அப்போதுதான் உறைத்தது. இன்று நாம் எழுதும் ‘னா’ 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு போட்ட ஆணைக்குப் பிறகு பொதுவானது. ணா, றா, னா, லை, ளை மாதிரி 13 எழுத்துகள் அப்போது மாறின. பழைய ‘னா’வில் கால் தனியாக நிற்காது, எழுத்தின் வால் கீழே சுருண்டு எழுத்தோடேயே ஒட்டியிருக்கும். புதிய வடிவத்தைப் பெரியார் 1935 முதலே குடி அரசில் பயன்படுத்தினார். ஆக, நான் செய்த ‘ரிப்பேர்’ என்ன? 1971 அம்மன் கோயில் சுவரொட்டியைப் பெரியார் எழுத்தில் அச்சடித்துவிட்டேன்! நாளைக்கு விவரம் தெரிந்த ஒருவர் பார்த்தால் இது போலி என்பார். விவரம் தெரியாதவர் அப்படியே நம்புவார். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுவதால், அது நகரும் பாதைக்குக் குறுக்கே மடிப்பு இருந்தால் நிழல் தட்டும். மடிப்பும் அதே பாதையில் ஓடும்படி காகிதத்தைத் திருப்பி வைத்ததுமே பாதி நிழல் போய்விட்டது. 600 டிபிஐ-யில் கலரில் எடுத்தேன். 2 மில்லிமீட்டர் மடிப்பு அதில் சுமார் 47 பிக்சல் அகலம். வேலை செய்ய அது தாராளம்.

அடுத்து, தலைப்பு கையால் வரைந்ததா, அச்செழுத்தா என்று பார்க்க வேண்டும். தலைப்பில் ‘அ’ இரண்டு முறை வருகிறது. ஒன்றை நகலெடுத்து, பாதி ஒளிபுகும்படி வைத்து, மற்றதன் மேல் பொருத்தினேன். கச்சிதமாய்ப் பொருந்தியது. அப்படியானால் அச்செழுத்து, ஒன்றின் உடைந்த பாகத்தை மற்றதிலிருந்து எடுக்கலாம். கையால் வரைந்ததாக இருந்தால் இரண்டும் விலகி நிற்கும், அங்கே இந்த வித்தை செல்லாது. மடிப்பு சற்றுச் சாய்வாக ஓடியது என் அதிர்ஷ்டம். இரண்டாம் ‘அ’வில் தேய்ந்த இடம் முதல் ‘அ’வில் முழுசாக இருந்தது.

இன்னொரு பாடமும் கிடைத்தது. கிம்பில் ‘ஹீல்’ கருவி வெறும் காகிதத்துக்கு அருமை. ஆனால் மையின் ஓரத்தில் அது கறுப்பையும் காகித நிறத்தையும் கலந்து சாம்பலாய் இழுக்கிறது. எழுத்தின் விளிம்பு புகை படிந்த மாதிரி தெரிந்தால் காரணம் அதுதான். விளிம்புகளுக்குக் ‘குளோன்’ மட்டுமே சரி.

மிச்சம் ‘னா’. தலைப்பில் இன்னொரு ‘னா’ இல்லை. கீழே சிறிய எழுத்தில் ‘நன்னாளில்’ என்ற சொல்லில் பழைய ‘னா’ இருந்தது. அதைப் பெரிதாக்கி ஒட்டினால் ஓரமெல்லாம் மங்கல். அதோடு சின்ன எழுத்தின் தடிமன் விகிதமும் வேறு. எனவே அதை வடிவத்துக்கு வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, வாலைத் தனி லேயரில் நானே வரைந்தேன்.

தனி லேயர் என்பதுதான் என் கட்சி. பி.காம். படிக்கிற யாருக்கும் இது புரியும். லெட்ஜரில் தப்பு வந்தால் பழைய பதிவைச் சுரண்டி அழிப்பதில்லை, திருத்தப் பதிவு தனியாகப் போடுகிறோம். மடிப்பை மூடியது இருந்ததை மீட்டது. வாலை வரைந்தது என் ஊகம். இரண்டையும் ஒரே படத்தில் கரைத்துவிட்டால் எது அச்சகத்துக்காரர் போட்டது, எது நான் போட்டது என்று பிறகு எனக்கே தெரியாது. அதனால் தொடாத ஸ்கேன் ஒரு கோப்பு, திருத்தியது இன்னொரு கோப்பு. திருத்தியதன் பெயரிலேயே ‘னா வால் வரைந்தது’ என்று சேர்த்துவிட்டேன்.

தாத்தா புதுப் படத்தைப் பார்த்து, “இப்போ சரியா இருக்கு” என்றார். ஆனால் சட்டம் போட்டு மாட்டச் சொன்னது கிழிந்ததைத்தான்!