படத்துக்குள் ஒளிந்திருக்கும் முகவரி

2012 டிசம்பர். பெலிஸ் போலீஸ் விசாரணைக்காகத் தேடிக்கொண்டிருந்த ஜான் மெக்காஃபியுடன் எடுத்த படத்தை 'வைஸ்' இதழ் இணையத்தில் போட்டது. ஐபோன் பதிந்த ஜிபிஎஸ் எண்கள் ஃபைலுக்குள் அப்படியே இருந்தன. அவர் குவாத்தமாலாவில் இருப்பது அம்பலமானது. சில நாட்களில் கைது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த எண்கள் நீங்கிவிடும். 'கிளாரிட்டி குறையக் கூடாதே' என்று டாக்குமென்ட்டாக அனுப்பும்போதுதான் வில்லங்கம். ஒரிஜினல் ஃபைலே போவதால் இருப்பிடமும் கூடவே போகும். விற்பதற்காக வீட்டில் எடுத்த பழைய ஃப்ரிட்ஜ் படம், முன்பின் தெரியாதவருக்கு வீட்டுக்கே வழிகாட்டிவிடும்.

ஐபோனில் படத்தை ஷேர் செய்யும்போது மேலே தெரியும் Options-ஐத் தொட்டு, Location-ஐ அணைத்துவிட்டு அனுப்பலாம். ஆண்ட்ராய்டில் கேமரா செட்டிங்ஸிலேயே இருப்பிடப் பதிவை நிறுத்தலாம். ஆனால், அது இனி எடுக்கும் படங்களுக்குத்தான். பழைய படமென்றால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புவதே சுலபம்; கொஞ்சம் கிளாரிட்டி போகும், அவ்வளவுதான்.