தயிர் புளித்தால் பால்காரரைத் திட்டாதீர்கள்

உறை கூடினால் தயிர் நன்றாக இறுகும் என்று ஒரு லீற்றர் பாலுக்கு அரைக் கோப்பை ஊற்றுகிறோம். அதுதான் பிழை என்பது என் கருத்து. கூடின உறை பாலை வேகமாகப் புளிக்க வைக்கும். விடியப் பார்த்தால் சட்டியில் தண்ணீர் பிரிந்து நிற்கும். வன்னி வெக்கைக்கு இரண்டு தேக்கரண்டி புளிக்காத தயிரே போதும்.

அடுத்தது சூடு. காய்ச்சிய பாலில் சுத்தமான விரலை விட்டு, பத்து எண்ணும்வரை சுடாமல் வைத்திருக்க முடிந்தால் சரி. வெப்பமானி உள்ளவர்களுக்கு 43 பாகை செல்சியஸ். அதைவிட நல்லாகச் சுட்டால் உறையிலுள்ள பக்டீரியா செத்துவிடும், பால் பாலாகவே கிடக்கும். பால் முற்றாக ஆறிவிட்டதா? உறையைக் கூட்டாமல் பாலைத் திரும்பச் சூடாக்குங்கள். ஐந்தாறு மணித்தியாலத்தில் சட்டியை மெல்லச் சரித்துப் பாருங்கள். தயிர் ஒரே கட்டியாக அசைந்தால், உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அது இல்லாத வீட்டார் இரவு பிந்தி உறை போடுங்கள்.