பூட்டு எழுதினவளின்ர கையில் இல்லை

"ஏன் பொதுவில எழுதினனீ?" என்று அவளைத்தான் எல்லாரும் ஏசினார்கள். அவள் பொதுவில் எழுதவே இல்லை. தோழியின் பேஸ்புக் பதிவு அன்றைக்கு நண்பர்களுக்கு மட்டுந்தான். நேரத்துக்குப் பக்கத்தில் இரண்டு தலைகள் இருந்தன. அதை நம்பித்தான், வேலையிடத்தில் சம்பளம் பிந்துவதைக் கீழே பின்னூட்டமாகப் போட்டாள்.

ஒரு கிழமை கழித்துத் தோழி பதிவைப் பொதுவாக்கினாள். தலைகள் இருந்த இடத்தில் உலக உருண்டை. பின்னூட்டமும் கூடவே வெளியே போனது. முதலாளி வாசித்தார்.

பின்னூட்டத்துக்கெனத் தனிப் பூட்டு இல்லை. யார் பார்க்கலாம் என்பதைப் பதிவு போட்டவரே தீர்மானிக்கிறார். எழுதியவர் திருத்தலாம், அழிக்கலாம், அவ்வளவுதான். பிறகேன் அவளை ஏசுறியள்?

மற்றவர்களின் பேச்சு கீழே கிடக்கும் பதிவைத் திறக்கமுதல் அவர்களிடம் ஒரு சொல் கேளுங்கோ. கேட்க மனமில்லையெண்டால், புதுசா ஒரு பதிவு போடுங்கோ.