குனியும் உடலும் குனிய மறுக்கும் உறையும்

கணினி விளையாட்டில் ஒரு வீரன் நிற்கும்போது உண்மையில் இரண்டு உடல்கள் நிற்கின்றன. ஒன்று கண்ணுக்குத் தெரியும் உருவம். மற்றொன்று, சுவரிலும் கூரையிலும் முட்டுவதற்கென அதைச் சூழ்ந்திருக்கும் கேப்சூல் வடிவக் கொலைடர். உருவம் குனிவதற்கு 0.4 நொடி எடுத்துக்கொள்ள, கொலைடர் ஒரே கணத்தில் சுருங்கிவிடுவதே இன்றும் பல விளையாட்டுகளில் வழக்கம். இவ்வழக்கத்தைக் கைவிட வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆயினும் அதற்கு மாற்றாக, கொலைடரை எலும்புக்கூட்டின் தலையோடு கட்டிவிடுவதும் சரியான வழியன்று.

வழக்கத்தின் வேர் பழையது. 1998இல் வெளிவந்த ஹாஃப்-லைஃப் விளையாட்டில் நிற்கும் உடலின் உயரம் 72 அலகு. குனிந்த உடலின் உயரம் 36. தரையில் குனியும்போது பார்வை 0.4 நொடியில் மெல்ல இறங்கும். முடிவில்தான் மோதல் உருவம் சட்டென மாறும். இது சோம்பலால் நேர்ந்ததன்று. அக்கால இயந்திரத்தில் மோதல் அளவுகள் வரைபடத்தைத் தொகுக்கும்போதே கணிக்கப்பட்டன. ஆகவே 72க்கும் 36க்கும் இடைப்பட்ட உயரம் என ஒன்று இருக்கவே இயலாது. இன்று அத்தடை இல்லை. இருந்தும் அன்ரியல் இயந்திரத்தின் இயல்பான குனிதல், கேப்சூலின் அரை உயரத்தை 88இலிருந்து 40 சென்டிமீட்டருக்கு ஒரே அடியில் மாற்றிவிடுகிறது.

தோட்டாவுக்குத் தனி உறுப்புப் பெட்டிகளை வைத்திருக்கும் விளையாட்டுகளில் இதன் தீங்கு குறைவு. ஒரே கேப்சூல் இரு பணிகளையும் செய்யும் சிறு ஆக்கங்களில் அது நேரடியான அநீதியாகிறது. திரையில் தெரியும் தலையைக் குறிபார்த்துச் சுட்டவனின் தோட்டா வெற்றிடத்தைக் கடந்துபோகிறது.

இரண்டையும் சேர்ந்து இறக்கினால் போதும் எனத் தோன்றலாம், போதாது. நிற்கும் உயரம் 1.8 மீட்டர், குனிந்த உயரம் 1.0 மீட்டர் என்று கொள்வோம். அசைவூட்டம் மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிகிறது. கொலைடரோ சீரான வேகத்தில் இறங்குகிறது. 0.1 நொடியில் கொலைடர் 1.6 மீட்டரில் இருக்க, தலை ஏறத்தாழ 1.675 மீட்டரில் நிற்கும். 7.5 சென்டிமீட்டர் தலை காப்பின்றி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 0.3 நொடியில் இது தலைகீழாகும். தலைக்கு மேல் அதே அளவு வெற்று உறை மிஞ்சும். கால அளவு ஒத்திருந்தால் மட்டும் போதாது, வளைவும் ஒத்திருக்க வேண்டும்.

அதற்காகத் தலை எலும்பின் உயரத்தை ஒவ்வொரு சட்டகத்திலும் அளந்து கொலைடருக்குத் தருவோர் உண்டு. அவ்வாறு செய்தால் மூச்சசைவுகூட மோதல் உயரத்தை அலைக்கழிக்கும். மேலும், செலவைக் குறைக்க எலும்புகளைக் கணிக்காது விடும் சர்வருக்கு அந்த உயரமே தெரியாது. உயரத்தை ஆள வேண்டியது எலும்பன்று, சுழியத்திலிருந்து ஒன்று வரை செல்லும் ஒரே எண். நிலையான காலப்படியில் மாறும் அந்த எண்ணே அசைவூட்டத்தின் எந்தக் கணத்தைக் காட்டுவது என்பதையும் முடிவுசெய்ய வேண்டும். வளைவை அசைவூட்டத்திலிருந்து ஒருமுறை எடுத்துப் பதித்துவைத்தால் போதும். யூனிட்டியில், உருவத்தின் மூலப்புள்ளி பாதத்தில் இருக்குமானால்:

```
float h = Mathf.Lerp(1.8f, 1.0f, curve.Evaluate(p));
controller.height = h;
controller.center = new Vector3(0, h * 0.5f, 0);
```

மூன்றாம் வரியை மறந்தால் கேப்சூல் இரு முனைகளிலும் சுருங்கும். அதன் அடிப்பகுதி தரையைவிட்டு மேலெழும்; வீரன் குனியும்போதெல்லாம் சிறிது விழுவான். குனிந்த பின் பாதங்கள் தரையில் புதைந்திருந்தால் காரணம் இதுவே.

இம்முறையின் பயன் எழும்போதுதான் முழுமையாக விளங்கும். 1.4 மீட்டர் உயரத்தில் ஒரு பலகை. அதற்குச் சற்று முன்னே, திறந்த வெளியில் குனிந்திருப்பவன் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டே எழத் தொடங்குகிறான். தொடங்கும் கணத்தில் தலைக்கு மேல் இடமுண்டு, ஆனால் 0.4 நொடியில் 0.8 மீட்டர் கடந்து பலகையின் கீழே வந்துவிடுவான். தொடக்கத்தில் மட்டும் மேலிடத்தைச் சோதிக்கும் நிரலில், வளரும் கேப்சூல் பலகைக்குள் புகுந்து, வீரன் பக்கவாட்டில் தூக்கியெறியப்படுவான். ஆகவே ஒவ்வொரு படியிலும், உயரத்தைக் கூட்டுவதற்கு முன்பே, அடுத்த உயரத்துக்கு இடமுண்டா எனச் சோதிக்க வேண்டும். இல்லையெனில் எண்ணைப் பின்னோக்கித் திருப்ப வேண்டும். எண் ஒன்றே என்பதால் உருவமும் உடன் குனியும். தனி அசைவூட்டம் தேவையில்லை.

குப்புறப் படுத்தலுக்கு இத்தீர்வு நீளாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கேப்சூலின் உயரம் அதன் விட்டத்துக்குக் கீழே இறங்காது. அன்ரியலின் இயல்பான 34 சென்டிமீட்டர் ஆரத்தில், 68 சென்டிமீட்டர் உருண்டையாவதே அதன் எல்லை. படுத்த உடலோ தாழ்வானது, ஆனால் நீளமானது. கால்கள் பின்சுவரைத் துளைக்கும். அங்கு உயரத்தைக் குறைப்பதோடு, பின்னால் நீளும் கிடைமட்டக் கேப்சூல் ஒன்றையும் அதே எண்ணால் வளர்த்து, படுக்கும் முன்னும் திரும்பும் போதும் இடத்தைச் சோதிக்க வேண்டும். இடமில்லையெனில் படுக்க மறுப்பதே நேர்மை. சுவருக்குள் மறைந்த கால்களைச் சுட முடியாத எதிராளிக்கு அந்த மறுப்பின் மதிப்பு தெரியும்.